டாஸ்க்கை வரிசைப்படுத்துறது, டோபோலாஜிக்கல் சார்ட், சி: கேளுங்க, பதில் சொல்றேன்

பல வருஷமா பில்டு சிஸ்டம் வேலைதான் பாக்குறேன். எல்லாருக்கும் ஒரே உதாரணம் எடுத்துக்குறேன், ஒரு சின்ன சி ப்ராஜெக்ட், ஆறு வேலை. 0 config.h உண்டாக்குறது, 1 parser.y-யை யாக்ல ஓட்டி கம்பைல் பண்றது, 2 lexer.c, 3 யுட்டில் லைப்ரரி, 4 லிங்க், 5 டெஸ்ட். lexer.c உள்ள y.tab.h இன்க்ளூட் ஆகுது, அது யாக் ஓடினாதான் வரும், அதனால 1 முடிஞ்சுதான் 2. எட்ஜ் மொத்தம் எட்டு: 0→1, 0→2, 0→3, 1→2, 1→4, 2→4, 3→4, 4→5. அம்புக்குறிக்கு முன்னாடி இருக்குறது முதல்ல முடியணும். இந்த திசையை பேப்பர்ல எழுதி பக்கத்துல வச்சுக்கோங்க, இன்னைக்கு வரப்போற பாதி கேள்விக்கு அதுதான் பதில்.

மூணாவது வருஷ மாணவி: அக்கா, கான் அல்காரிதம் தியரி புரியுது, சி-ல எழுதும்போது க்யூ தனியா லிங்க்டு லிஸ்ட் வச்சு ரொம்ப பெருசாயிடுது. சின்னதா எழுத முடியுமா?

முடியும்மா, தனியா க்யூவே வேண்டாம். விடையை எழுதி வைக்கிற அரேதான் க்யூவும். எந்த வேலையும் ஒரே ஒரு தடவைதான் உள்ள போகும், அதனால n இடம் போதும், சுத்தி வர தேவையும் இல்ல.

```c
int kahn(int n, int *order) {
    int front = 0, back = 0;
    for (int i = 0; i < n; i++)
        if (indeg[i] == 0) order[back++] = i;
    while (front < back) {
        int u = order[front++];
        for (int e = head[u]; e != -1; e = nxt[e])
            if (--indeg[to[e]] == 0) order[back++] = to[e];
    }
    return back;
}
```

கையால ஒரு தடவை ஓட்டிப் பாரு. indeg-ங்குறது ஒரு வேலைக்கு முன்னாடி இன்னும் எத்தனை முடியணும்ங்குற கணக்கு, ஆரம்பத்துல அது வரிசையா 0, 1, 2, 1, 3, 1. பூஜ்யம் இருக்குறது 0 மட்டும், அது உள்ள போகுது. அதை எடுத்ததும் 1 பூஜ்யமாகி உள்ள வருது, 2 ஒண்ணா குறையுது ஆனா இன்னும் யாக்குக்கு காத்திருக்கு, 3 உள்ள வருது. அடுத்து 1 வெளிய வந்ததும் 2 உள்ள வருது. 3, 2 ரெண்டும் முடிஞ்ச பிறகுதான் 4க்கு வழி விடுது. விடை 0 1 3 2 4 5. இது 1962ல ஆர்தர் கான் எழுதின முறை, இன்னைக்கும் ஒரு வரி கூட மாத்த வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா செய். திரும்பி வர்ற நம்பர் n-க்கு சமமான்னு பாரு. சமம் இல்லன்னா சைக்கிள் இருக்கு, அரேல மிச்சம் இருக்குறது குப்பை.

பேர் போடாதவர்: என் ஃப்ரெண்டுக்கு 0 1 3 2 4 5 வருது எனக்கு 0 3 1 2 4 5 வருது, யார் தப்பு?

ரெண்டு பேரும் சரி. நீங்க புது எட்ஜை லிஸ்ட்டோட தலையில சேர்த்திருப்பீங்க, அதனால 0-வோட பிள்ளைங்க 3, 2, 1-ன்னு தலைகீழா வருது. வரிசை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்னு எந்த விதியும் இல்ல. சரிபாக்கணும்னா ஒவ்வொரு எட்ஜுக்கும் முன்னாடி இருக்குறது முன்னாடி வருதான்னு பாருங்க, அடுத்தவர் அவுட்புட்டோட ஒப்பிடாதீங்க.

வேலைக்கு புதுசு: இவ்வளவு எதுக்கு, qsort இருக்கே? கம்பேர் ஃபங்ஷன்ல a→b இருந்தா -1, b→a இருந்தா 1, ஒண்ணும் இல்லன்னா 0. எனக்கு டெஸ்ட் கேஸ்ல ஓடுச்சு.

ஓடினது தற்செயல். இதே மாதிரி எழுதினதை நான் நிஜ ப்ராஜெக்ட்லயே பாத்திருக்கேன், ஒரு வருஷம் நல்லா ஓடி ஒரு நாள் உடைஞ்சது. அரேல 4, 3, 2-ன்னு இருக்குன்னு வைங்க, 3→4 எட்ஜ் இப்போதைக்கு இல்லன்னும் வைங்க. 4-க்கும் 3-க்கும் சம்பந்தம் இல்ல, நீங்க 0 சொல்றீங்க. 3-க்கும் 2-க்கும் இல்ல, அங்கயும் 0. பக்கத்து பக்கத்துல இருக்குறதை மட்டும் ஒப்பிடுற சார்ட் அதோட வேலை முடிஞ்சதுன்னு நிறுத்திடும், லிங்க் lexer-க்கு முன்னாடியே நிக்கும். 0-ன்னு நீங்க சொன்னா qsort அதை சமம்னு எடுத்துக்குது, 4-ம் 3-ம் சமம், 3-ம் 2-ம் சமம், அப்போ 4-ம் 2-ம் சமமா இருக்கணும், ஆனா நீங்க 2 முன்னாடின்னு சொல்றீங்க. நீங்க சொன்ன 0-வுக்கு அர்த்தம் சம்பந்தம் இல்லங்குறது, சமம் இல்ல. நேரடி எட்ஜுக்கு பதிலா முழு பாதையையும் தேடி கம்பேர் பண்ணாலும் இதே ஓட்டைதான்.

ஒருத்தர்: சைக்கிளே இல்லாத கிராஃப், ஆனா எனக்கு count n-ஐ விட கம்மியா வருது. மேட்ரிக்ஸ்தான் யூஸ் பண்றேன்.

இன்புட்ல ஒரே எட்ஜ் ரெண்டு தடவை வருதான்னு பாருங்க. `adj[u][v] = 1` ரெண்டு தடவை எழுதினாலும் ஒண்ணுதான், ஆனா `indeg[v]++` ரெண்டு தடவை ஏறிடும், குறையுறது ஒரு தடவைதான், அந்த நோடு எப்பவுமே பூஜ்யத்தை தொடாது. `if (!adj[u][v])`-ன்னு ஒரு செக் போட்டு உள்ள ரெண்டையும் வைங்க. லிஸ்ட்ல இந்த பிரச்சனை வராது, அங்க எட்ஜும் ரெண்டு தடவை இருக்கும், ரெண்டு தடவையும் குறையும்.

இன்னொருத்தர்: n = 2000, `int adj[2000][2000]` main உள்ள, ரன் பண்ண உடனே செக்மென்டேஷன் ஃபால்ட்.

16 எம்பி. லினக்ஸ்ல ஸ்டாக் வழக்கமா 8 எம்பி. லிஸ்ட்டுக்கு மாறுங்க.

வேலை பாக்குறவர்: மேடம், சைக்கிள் இருக்குன்னு தெரியுது, எங்கன்னு யூசருக்கு எப்படி சொல்றது? மிச்சம் இருக்குற எல்லா நோடையும் பிரின்ட் பண்ணேன், நாப்பது பேர் வருது.

இது நல்ல கேள்வி, நிறைய டூல் இதுல கோட்டை விடுது. நம்ம உதாரணத்துல யாரோ 4→3-ன்னு ஒரு எட்ஜ் சேர்த்துட்டாங்கன்னு வைங்க, லிங்க் பண்றப்ப வர்ற வெர்ஷன் ஃபைல் யுட்டில் லைப்ரரிக்கு வேணுமாம். 0, 1, 2 வெளிய வரும், அப்புறம் நின்னுடும். மிச்சம் 3, 4, 5. ஆனா 5 மேல எந்த தப்பும் இல்ல, சைக்கிளுக்கு பின்னாடி மாட்டிக்கிட்டு நிக்குது அவ்வளவுதான். உங்க நாப்பதுல பெரும்பாலானது இந்த மாதிரிதான் இருக்கும்.

பின்னாடி நடங்க. மிச்சத்துல ஏதாவது ஒண்ணுல ஆரம்பிச்சு, அதுக்கு முன்னாடி முடிய வேண்டியதுல இன்னும் முடியாதது எதுன்னு பாத்து அங்க போங்க. 5-லேருந்து 4, 4-லேருந்து 3, 3-லேருந்து மறுபடி 4. ஏற்கனவே வந்த இடம் திரும்ப வந்துடுச்சு, அப்போ சைக்கிள் 3, 4. முன்னாடி நடந்தா 5-ல போய் முட்டிக்கலாம், பின்னாடி நடந்தா முட்டவே முடியாது, ஏன்னா மிச்சம் நிக்குற ஒவ்வொண்ணுக்கும் indeg பூஜ்யத்துக்கு மேல, அதாவது அதுக்கு முன்னாடி முடிய வேண்டியதுல முடியாத ஒண்ணு கண்டிப்பா இருக்கு. அதிகபட்சம் n அடியில திரும்ப வந்த இடத்துக்கே வந்துடுவீங்க. பின் பக்க லிஸ்ட் இல்லன்னா எட்ஜ் அரேயை முழுசா தேடினாலும் பரவாயில்ல, எர்ரர் வர்றப்ப மட்டும்தானே.

போட்டித் தேர்வு ஆள்: டிஎஃப்எஸ் அஞ்சு வரி, visited ஒண்ணு போதும், கான் எல்லாம் சுத்தி வளைக்கிறது. நோடுக்குள்ள நுழையும்போதே பிரின்ட் பண்ணா வரிசை வந்துடும்.

பாதி சரி. நுழையும்போது பிரின்ட் பண்ணா நம்ம கிராஃப்ல 0 1 2 4 5 3 வரும், லைப்ரரி இல்லாமலே லிங்க் நடக்குது. வெளிய வரும்போது எழுதணும், அப்போ 5 4 2 1 3 0, அதை திருப்பினா 0 3 1 2 4 5, சரி. visited ஒண்ணு மட்டும் இருந்தா சைக்கிள் கண்ணுக்கே தெரியாது, தப்பான வரிசையை தைரியமா குடுக்கும். தொடாதது, உள்ள இருக்குறது, முடிஞ்சதுன்னு மூணு நிலை வேணும், உள்ள இருக்குறதை மறுபடி தொட்டா சைக்கிள்.

அதே ஆள்: மூணு நிலை வச்சுட்டா அப்புறம் கானை விட நல்லதுதானே? சைக்கிள் பாதையும் ஸ்டாக்லயே இருக்கு, நீங்க சொன்ன பின்னாடி நடையும் வேண்டாம்.

அந்த பாயின்ட் சரி, ஒத்துக்குறேன். ஆனா ரிகர்ஷன் ஆழம் யோசிங்க, நீளமான சங்கிலி ஒண்ணு வந்தா அதே 8 எம்பி ஸ்டாக்தான், சில லட்சம் நோடுன்னா செத்துடும்.

பழைய யூனிக்ஸ் ஆள்: இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். make-ஏ டிஎஃப்எஸ் மாதிரிதான் வேலை செய்யுது, டார்கெட்ல ஆரம்பிச்சு தேவையானதை முதல்ல போய் முடிச்சுட்டு வருது. கேக்காத டார்கெட்டை தொடவே தொடாது. அங்க அம்புக்குறி தலைகீழ், அதனால திருப்பவும் வேண்டாம். நிஜ மேக்ஃபைல்ல சங்கிலி பத்து இருபது ஆழம் தாண்டி நான் பாத்ததில்ல.

அண்ணா சொல்றது நியாயம், ஒரே ஒரு டார்கெட் வேணும்னா டிஎஃப்எஸ்தான் இயல்பு. ஆனா ஒரே சமயத்துல நாலு வேலை ஓட்டணும்னா இப்போ தயாரா இருக்குறது எதுன்னு கையில வேணும், அது கான் க்யூல அப்படியே உக்காந்திருக்கு.

பழைய யூனிக்ஸ் ஆள்: make `-j`-யும் டிஎஃப்எஸ் நடையிலதான் பேரலல் ஓட்டுது அக்கா, முடியாததை தள்ளி வச்சுட்டு திரும்ப வந்து பாக்கும்.

ஓட்டுது. நானே புதுசா எழுதினா கவுண்டர்தான் வைப்பேன், இதுல நம்ம ரெண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம்னு நினைக்கிறேன்.

பில்டு பாக்குற பையன்: அக்கா `-j` பேச்சு வந்ததால கேக்குறேன், எங்க ப்ராஜெக்ட் make போட்டா ஓடுது, `make -j8` போட்டா சில நாள் மட்டும் y.tab.h: No such file or directory. சார்ட் தப்பா?

சார்ட்டை திட்டாத. 1→2 எட்ஜ் உங்க மேக்ஃபைல்ல இல்ல. ஒண்ணொண்ணா ஓடுறப்ப parser பேர் லிஸ்ட்ல முன்னாடி இருந்ததால அதிர்ஷ்டத்துல முதல்ல முடிஞ்சது, எட்டு பேர் ஒண்ணா ஓடுறப்ப lexer முந்திக்கிச்சு. நீ குடுத்த எட்ஜுக்கு மட்டும்தான் அல்காரிதம் பொறுப்பு. `lexer.o: y.tab.h`-ன்னு ஒரு வரி சேரு. சேர்த்துட்டு `make clean` பண்ணி -j8 பத்து தடவை ஓட்டிப் பாரு, பழைய y.tab.h கிடந்தா தப்பு மறைஞ்சுக்கும்.

டெட்லைன் கவலைக்காரர்: எனக்கு எது அவசரமோ அது முதல்ல வரணும், டோபோலாஜிக்கல் சார்ட் அதை செய்யுமா?

தானா செய்யாது. க்யூவுக்கு பதிலா ஹீப் வச்சா தயாரா இருக்குறதுல அவசரமானது முதல்ல வரும். ஆனா அவசரமான வேலைக்கு முன்னாடி ஒரு அவசரமில்லாத வேலை முடியணும்னா அது கடைசியில கிடந்து அவசரத்தையும் இழுத்துடும். அதுக்கு டெட்லைனை முன்னாடி முடிய வேண்டிய வேலைகளுக்கும் ஏத்திட்டு அப்புறம் ஓட்டணும்.

புதுசா வந்தவர்: எனக்கும் count கம்மியா வருது.

மேல மேட்ரிக்ஸ் பதிலை படிங்க.

இன்னொரு புதியவர்: அவுட்புட் தலைகீழா வருது, லிங்க் முதல்ல வருது.

எட்ஜ் திசை. "4-க்கு 3 வேணும்"னு இன்புட் வந்தா அது 3→4. முதல்லயே சொன்னேன்.

வேற ஒருத்தர்: இதுலயே டைக்ஸ்ட்ரா எப்படி பண்றது?

அது வேற நாள்.

முதல்ல கேட்ட மாணவி: அக்கா என் விடை சரியான்னு பாக்க வேற வழி இருக்கா? சாருக்கு நாளைக்கு காட்டணும்.

யூனிக்ஸ்ல இதுக்குன்னே ஒரு கமாண்ட் இருக்கு. ஜோடி ஜோடியா குடுத்தா போதும், முன்னாடி இருக்குறது முதல்ல.

```
printf '0 1\n0 2\n0 3\n1 2\n1 4\n2 4\n3 4\n4 5\n' | tsort
```

வரிசை உன்னோடதை விட மாறலாம், அது தப்பில்ல. கடைசியில `4 3`-ஐயும் சேர்த்து ஒரு தடவை ஓட்டு, லினக்ஸ்ல input contains a loop-ன்னு சொல்லி அந்த எர்ரர் மெசேஜ்ல 3, 4 பேரை மட்டும் காட்டும், 5-ஐ அதுல இழுக்காது. உன் ப்ரோக்ராம் அதே இன்புட்டுக்கு kahn-லேருந்து 3 திருப்பணும், 6 வந்தா 4→3 எட்ஜ் உள்ளயே போகலன்னு அர்த்தம், எட்ஜ் அரேயோட சைஸை 8-ன்னு வச்சிருக்கியான்னு பாரு.