கடைப்படியில் பார்த்த நிறம்

அக்கா,
ஆளுக்கு ஒரு நிறமாத் தெரியுற அந்தப் பழைய உடுப்புப் படம் போன கிழமை எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில வந்தது. எனக்கு வெள்ளையும் தங்கமும். அண்ணாவுக்கு நீலமும் கறுப்பும். "உனக்குக் கண் பழுது" என்று எழுதினார். நானும் விடயில்ல, இன்னும் மூணு குறூப்புக்கு அனுப்பி ஆள் சேர்த்தன். இப்ப ரெண்டு பேரும் கதைக்கிறதில்ல. நான் கண் டொக்டரிட்டக் காட்டவா?
— வாசகி, கல்லாறு

தங்கச்சி,

கண் டொக்டர் தேவையில்லை. இப்படிப் படங்களோடு 'வலது மூளை, இடது மூளை' என்று ஏதாவது எழுதி வந்தால் அதையும் நம்பாதீர்கள், பொய்.

கடிதத்தை வாசித்ததும் எனக்கு அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். கல்முனையில் ஒரு துணிக்கடை, பொழுதுபடுகிற நேரம். மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றை விரித்துவிட்டு, அம்மா நீலம் என்கிறார், பெரியம்மா பச்சை என்கிறார். மேலே மஞ்சள் குண்டு பல்ப். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "வெளியில கொண்டு போய்ப் பாருங்க" என்றார். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைப்படியில் நின்றார். மிச்சமிருந்த பகல் வெளிச்சத்தில் நீலம். பெரியம்மாவும் பார்த்தார், "ஓம், நீலம்தான்". அத்தோடு சண்டை முடிந்தது.

அந்தப் படத்தில் இல்லாதது இந்தக் கடைப்படிதான். 2015 பெப்ரவரியில் ஸ்கொட்லாந்தின் கொலன்ஸே தீவில் நடந்த ஒரு கல்யாணத்துக்காக மணப்பெண்ணின் தாய் கடையில் எடுத்த படம் அது. உண்மையான உடுப்பு நீலம், லேஸ் கறுப்பு. அதில் அண்ணா சொன்னது சரி. ஆனால் படம் வெளிச்சம் கூடி வெளிறிப்போனது. ஒரு வெள்ளைத் தாளில் சின்ன ஓட்டை போட்டு, போன் திரையில் வைத்து அந்தத் துண்டை மட்டும் பாருங்கள். நீங்கள் வெள்ளை என்ற இடம் வெளிர் நீலமாகவும், அண்ணா கறுப்பு என்ற இடம் மண்ணிறமாகவும் இருக்கும்.

நம் மூளை ஒரு பொருளின் நிறத்தைச் சொல்லுமுன் அதில் விழும் வெளிச்சத்தைக் கழித்துவிடும். உடுப்பு நீலம் பாய்ந்த நிழலில் இருக்கிறது என்று உங்கள் மூளை எடுத்துக்கொண்டது. நீலத்தைக் கழித்தது, வெள்ளையும் தங்கமும் மிஞ்சின. அண்ணாவின் மூளை மஞ்சள் விளக்கு என்று எடுத்து மஞ்சளைக் கழித்தது. எந்த வெளிச்சம் என்பதைப் படம் காட்டவில்லை. பாஸ்கல் வாலிஷ் என்ற ஆய்வாளர் 13,000 பேருக்கு மேல் கேட்டுப் பார்த்தார். விடிய எழும்பிப் பகல் வெளிச்சத்தில் கூட நேரம் இருப்பவர்கள் வெள்ளை என்று சொல்வது கொஞ்சம் அதிகமாக இருந்தது. அது ஒரு சாய்வுதான், ஆளுக்கு ஆள் மாறும்.

சரி, இனி உங்களை ஏசப் போகிறேன். மூன்று குறூப்புக்கு ஏன் அனுப்பினீர்கள்? ஆள் சேர்க்கத்தானே? அந்தப் படம் ஓடுவதே அதனால்தான். தனியாகப் பார்த்தால் அதில் ஒரு அதிசயமும் இல்லை, வெளிறிப்போன ஒரு உடுப்பு. பக்கத்தில் இருப்பவர் வேறு நிறம் சொன்ன பிறகுதான் ஆச்சரியமே பிறக்கிறது. அதனால் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் இன்னொரு ஆள் தேவைப்படுகிறது. அவரும் உங்கள் பக்கமோ மறுபக்கமோ சேர்வார், அவரும் ஆள் தேடுவார். மற்ற விடயங்களில் 'எனக்குத் தெரியாது' என்று ஒதுங்குகிறவர்கூட இதில் ஒதுங்கமாட்டார், கண்ணால் கண்டதல்லவா. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நினைப்பார், நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள்.

ஃபேஸ்புக்கில் இது இன்னும் மோசம். 2018இல் அவர்கள் ஆட்களுக்கிடையே நடக்கும் பேச்சுக்கு முதலிடம் கொடுத்து, எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்ற கணக்கை மாற்றினார்கள். அப்போது ஒரு லைக்கைவிட ஒரு நீண்ட கருத்து பல மடங்கு பெறுமதியாக இருந்தது. 'உனக்குக் கண் பழுது' என்று ஒருவர் எழுத, இன்னொருவர் பதில் எழுத, அந்தக் கணக்குக்கு அது கோபமா அன்பா என்று தெரியாது, பேச்சு என்று மட்டும் தெரியும். உடனே இன்னும் நூறு பேருக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். படத்தைப் போட்டவர் விடையை ஏன் எழுதுவதில்லை என்று யோசித்தீர்களா? விடை எழுதினால் பேச்சு நின்றுவிடும்.

அம்மாவும் பெரியம்மாவும் சண்டை பிடித்தபோது கடைத்தெருவில் யாரும் கூடவில்லை. ஒரு சேலை, இரண்டு பெண்கள், ஒரு படி. உங்கள் சண்டைக்கு மூன்று குறூப் கூடியது, அதில் ஒருவருக்கும் உங்கள் அண்ணாவைக் கல்யாண வீட்டில் கண்டால் அடையாளம் தெரியாது. அவர்களுக்காகவா அவரோடு கதையை விட்டீர்கள், பிள்ளை?

அண்ணாவுக்கு இன்றைக்கு ராவே ஒரு கோல் எடுங்கள். உடுப்பு நீலம்தான் என்று சொல்லுங்கள். மறுகா அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.