லயத்தில் பிறந்தவர் எந்த ஊர்?

அன்புள்ள அக்கா,

எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். 1956-இல் தேவிகுளம் ஏன் கேரளத்தோடு போனது என்று ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். 1951 மக்கள்தொகைக் கணக்கு, 1955 மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கை, அப்புறம் மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிய என் அப்பத்தாவின் பேட்டி, மூன்றும் கையில் இருக்கின்றன. ஆளுக்கொரு பத்தி எழுதிக் கொடுத்தேன். "இதில் உன் வாதம் எங்கே? மூன்றையும் ஒரே பத்தியில் கொண்டுவா" என்று வழிகாட்டி திருப்பித் தந்துவிட்டார். சுருக்கிச் சேர்த்தால் போதுமா? வரைவை இணைத்திருக்கிறேன்.

சு., போடி

அன்புள்ள சு.,

போதாது. சுருக்கினால் மூன்று பேர் வரிசையில் நின்றது போய், நெருக்கி நிற்பார்கள். ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். உங்கள் வரைவில் "கணக்கெடுப்பு கூறுகிறது", "கமிஷன் கூறுகிறது", "அப்பத்தா கூறுகிறார்" என்றுதான் பத்திகள் தொடங்குகின்றன. அவற்றை இடம் மாற்றி வைத்துப் படித்தேன். எதுவும் கெடவில்லை. வாதம் இருந்திருந்தால் இடம் மாற்றியதும் அறுந்திருக்கும்.

முதலில் மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். "தமிழ் பேசுவோர் எத்தனை பேர்?" என்று கேட்டால் கணக்கெடுப்பு மட்டும்தான் பதில் சொல்லும். கமிஷன் அங்கே தமிழர் அதிகம் என்பதை மறுக்கவில்லை. மலைப்பகுதி கேரளத்தின் பொருளாதாரத்துக்கு வேண்டும் என்பதையும், தோட்டத் தொழிலாளர் வந்துபோகிறவர்கள் என்ற வாதத்தையும் வைத்து, மொழி மட்டும் போதாது என்றது. அப்படியானால் சண்டை எண்ணிக்கையில் இல்லை. அங்கே இருந்தவர் ஊர்க்காரரா, வந்துபோகிறவரா என்பதில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு உங்கள் அப்பத்தாவிடமும் பதில் உண்டு.

பேட்டியில் நீங்கள் வேகமாகத் தாண்டிப்போன ஓர் இடம் இருக்கிறது. அப்பத்தா லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளருக்குக் கொடுத்த வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய அம்மாவை 1949-இல் எஸ்டேட் சுடுகாட்டில்தான் புதைத்தார்கள். ஆனால் 1991-இல் ரிட்டயர் ஆனதும் லயத்தைக் காலிசெய்யச் சொன்னதால் போடிக்கு இறங்கினார். மேலோட்டமாகப் பார்த்தால் இது கமிஷனுக்குச் சாதகமான சாட்சி: வேலை முடிந்தது, ஆள் ஊருக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்று கேட்டால் கதை திரும்புகிறது. கம்பத்தில் எங்கள் தெருவிலும் அப்படி இறங்கி வந்த கிழவிகள் உண்டு. எந்த ஊர் என்று கேட்டால் இன்றைக்கும் எஸ்டேட் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இதை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"தேவிகுளம் தோட்டத் தொழிலாளர் வந்துபோகிறவர்களாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், அவர்களுடைய வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. அங்கே தமிழர் அதிகம் என்பதில் 1951 கணக்கெடுப்புக்கும் கமிஷனுக்கும் பிணக்கு இல்லை. அவர்கள் நிலையாக இருப்பவர்களா என்பதே கேள்வி. தாய்மொழி அட்டவணை இதைத் தீர்க்காது. ஒருவர் என்ன மொழி பேசினார் என்று அது சொல்லும், எத்தனை தலைமுறையாக அங்கே இருந்தார் என்று சொல்லாது. லயத்தில் பிறந்து, தாயை அங்கேயே புதைத்து, ஓய்வுபெற்றதும் லயத்தைக் காலிசெய்த ஒரு தொழிலாளி மலையை விட்டு இறங்கியது உண்மை. அவர் இறங்கியது ஊர் கூப்பிட்டதால் அல்ல, இருக்க வீடு இல்லாததால்."

முதல் வாக்கியத்தில் எந்த ஆதாரத்தின் பெயரும் இல்லை பாருங்கள். அது உங்கள் பேச்சு. அடுத்த வாக்கியங்களில் இரண்டு ஆதாரங்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று வருகிறது. மூன்றாவது ஆதாரம், மற்ற இரண்டும் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வருகிறது. இந்த வாக்கியங்களை இடம் மாற்ற முடியாது. "மேலும்", "அதேபோல்" போட்டு ஒட்ட வேண்டிய அவசியமும் வரவில்லை.

சரி, இந்தப் பத்தியில் ஓர் ஓட்டை இருக்கிறது. தேர்வாளர் அங்கேதான் விரல் வைப்பார். அப்பத்தா காலிசெய்தது 1991-இல். கமிஷன் எழுதியது 1955-இல். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் இருந்ததை நிறுவ முடியாது. அவர் லயத்தில் பிறந்ததும் 1949 சாவும் மட்டுமே கமிஷனுக்கு முந்தையவை. அவையும் ஒரே குடும்பத்தின் நினைவு. அதனால்தான் "காரணம்" என்று எழுதாமல் "ஒரு காரணம்" என்று எழுதினேன். அந்த அளவுக்குக்கூட ஆதாரம் தேறாவிட்டால் "காரணமாக இருக்கலாம்" என்று இறக்கிக்கொள்ளுங்கள். ஆதாரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுக்குத்தான் முதல் வாக்கியம் உரக்கப் பேசலாம்.

இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. 1951 கணக்கெடுப்பில் பிறந்த இடமும் கேட்டார்கள். அந்த அட்டவணை தாலுகா அளவில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் அப்பத்தாவிடம் திரும்பப் போங்கள். அவருடைய அம்மா காலத்தில் வயதாகி வேலையை விட்டவர்கள் லயத்திலேயே இருந்தார்களா, இறக்கிவிட்டார்களா, யார் வந்து சொன்னார்கள் என்று கேளுங்கள். பெயரும் வருடமும் நினைவுக்கு வரும் வரை பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, முதல் வாக்கியத்தைக் கடைசியாக எழுதுங்கள்.