மறையாத நிழல்: நிமோனியா ஆறாதபோது பிராங்கோஸ்கோபி எதற்கு? (கேள்வி பதில்)

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோயும் உண்டு. நிமோனியாவுக்கு மருந்து முடித்து நான்கு வாரம் ஆகிறது. காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். எக்ஸ்ரேயில் மட்டும் நிழல் இருக்கிறது. குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டுமா? (தேனியிலிருந்து ஒரு மகள்)

நீங்கள் சொல்வதை மட்டும் வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு அவசரமில்லை. நிமோனியாவில் ஆள் முதலில் தேறுவார், எக்ஸ்ரே பிறகுதான் தேறும். புகைபிடிக்காத இளைஞருக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் மறையும் நிழல், வயதும் சர்க்கரையும் சேர்ந்தவருக்கு மூன்று மாதம் வரை தங்கிவிடுவது உண்டு. முதல் எக்ஸ்ரேயையும் இப்போதைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் கொஞ்சமாவது சுருங்கியிருந்தால், சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒரு படம் எடுத்துக் கொள்ளலாம்.

ஆனால் நீங்கள் ஒன்றைச் சொல்லவில்லை: அவர் புகைபிடிப்பவரா? புகைபிடித்தவர், சளியில் இரத்தம் கண்டவர், எடை குறைந்து வருபவர், அதே இடத்தில் இரண்டாவது முறையாக நிமோனியா வந்தவர் ஆகியோரிடம் நான் காத்திருப்பதில்லை. அவர்களுக்கு உடனே சிடி ஸ்கேன் எடுத்துவிட்டு, அது காட்டும் வழியில், மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபியைச் செய்கிறோம். சிடி இல்லாமல் உள்ளே போவது, கதவு எண் தெரியாமல் தெருவில் வீடு தேடுவதைப் போன்றது.

என் மாமாவுக்கு நெஞ்சு நிறையச் சளி. நுரையீரலைக் கழுவிவிட்டால் சளி வெளியேறி நிமோனியா குணமாகிவிடும் என்றார்கள். எத்தனை முறை கழுவ வேண்டியிருக்கும்? (விருதுநகர்)

இது சிகிச்சைக்காகக் கழுவுவது அன்று. பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதற்காகக் கழுவுவது. 'பிராங்கோஆல்வியோலார் லவாஜ்' என்பதை வார்டில் 'பால்' என்றே சொல்வோம். கழுவுவது என்ற சொல்லால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. ஆல்வியோலார் புரோட்டினோசிஸ் என்ற அரிய நோயில் மட்டும், முழு மயக்கத்தில், ஒரு நுரையீரலை லிட்டர் கணக்கில் உப்புநீரால் கழுவிச் சிகிச்சையே செய்வார்கள். உங்கள் மாமாவுக்குச் சொன்னது அதுவாக இருக்க வாய்ப்பில்லை.

நடப்பது இதுதான். வெறும் வயிற்றில் வந்தவருக்கு மூக்கிலும் தொண்டையிலும் மரத்துப்போகும் மருந்து தெளித்து, தேவைப்பட்டால் லேசான தூக்க மருந்தும் கொடுத்து, விரலைவிட மெல்லிய வளையும் குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்குகிறோம். முதலில் கண்ணால் பார்க்கிறோம். சில சமயம் அங்கேயே விடை கிடைத்துவிடும்: கட்டி வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம், புரையேறிப் போன பாக்குத் துண்டு மாதக்கணக்கில் சிக்கியிருக்கலாம். பிறகு சிடி காட்டிய கிளையில் குழாயின் நுனியைச் செருகி, அது அந்தக் கிளையை மூடி அடைத்தபடி நிற்கும்போது, சாதாரண சலைனை ஐம்பது மில்லி வீதம் மூன்று முறை செலுத்தி, ஒவ்வொரு முறையும் மெதுவாக உறிஞ்சி எடுக்கிறோம். வேகமாக உறிஞ்சினால் சிறு குழல் சுருங்கி மூடிக்கொள்ளும், நீர் திரும்பாது. செலுத்தியதில் முப்பது சதவீதமாவது திரும்பி வந்தால்தான் அது காற்றுப்பைகள் வரை போய் வந்தது என்று நம்பலாம். காற்றுப்பைகள் சிதைந்துபோன எம்பிசீமா நோயாளிகளிடம் இது பெரும்பாலும் குறைவாகவே கிடைக்கும். எஞ்சிய சலைனை உடலே உறிஞ்சிக்கொள்ளும்.

சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று இரண்டு முறை வந்துவிட்ட நோயாளியிடம் பிராங்கோஸ்கோபி புதிதாக என்ன சொல்லப்போகிறது? (ஒரு குடும்ப மருத்துவர், திருவண்ணாமலை)

சென்ற ஆண்டு நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். ஐம்பத்தெட்டு வயது, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை, வலது கீழ்மடலில் நிமோனியா. முதலில் கொடுத்த ஊசியில் தேறவில்லை; அடுத்து வேறோர் இடத்தில் லெவோஃப்ளாக்சசின் பத்து நாள் கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் விட்டது, பசியும் வந்தது. மருந்தை நிறுத்திய மூன்றாம் வாரம் காய்ச்சல் திரும்பியது. சளிப் பரிசோதனை இரண்டு முறையும் நெகட்டிவ். கீழ்மடலில் இருக்கிறதே, காசநோய் என்றால் மேல்மடல் அல்லவா என்று ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

இரண்டு இடத்தில் வழுக்கல் நடந்திருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் கீழ்மடலில் வருவது அரிதன்று. லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியின் மீதும் வேலை செய்யும் மருந்து. பத்து நாளில் அதைக் கொல்லாது, அடக்கிவைக்கும், அவ்வளவுதான். காய்ச்சல் விட்டதைக் கண்டு சாதாரண நிமோனியா என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள், சளியிலோ கிருமியின் எண்ணிக்கை குறைந்தது. சிடியில் நிழலுக்குள் சிறு பொந்து ஒன்றும், சுற்றிலும் மொட்டு விட்ட கிளை போன்ற புள்ளிகளும் தெரிந்தன. அந்தக் கிளையிலேயே கழுவினோம். 150 மில்லி செலுத்தியதில் எழுபது மில்லி, சற்றுக் கலங்கலாகத் திரும்பியது. நுண்ணோக்கியில் கிருமி தெரியவில்லை. அதே நீரில், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனை பாசிட்டிவ். காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பும் இல்லை. கிருமி வெகு குறைவாக இருந்தாலும் ஜீன்எக்ஸ்பெர்ட் கண்டுபிடிக்கும், நுண்ணோக்கிக்குக் கிருமி ஏராளமாக இருக்க வேண்டும்.

ஆகவே டாக்டர், கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: அந்த இரண்டு நெகட்டிவும் நுண்ணோக்கியிலா, ஜீன்எக்ஸ்பெர்ட்டிலா? இரண்டாவது இன்னும் செய்யப்படவில்லை என்றால், சளி வரும் நோயாளியிடம் முதலில் அதைச் செய்யுங்கள். சளியே வராதவருக்குத்தான் பிராங்கோஸ்கோபியின் பலன் அதிகம். இன்னொன்று: பிராங்கோஸ்கோபி முடிந்த அன்றும் மறுநாளும் இருமி வரும் சளியையும் வீணாக்காமல் அனுப்புங்கள், சிலரிடம் அதில்தான் கிருமி கிடைக்கிறது.

நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பால் கல்ச்சரில் எது வளர்ந்தாலும் அதுதான் நோய்க்குக் காரணம், நேரே நுரையீரலிலிருந்து எடுத்த நீர்தானே? கேண்டிடா வளர்ந்தும் சில மருத்துவர்கள் மருந்து கொடுப்பதில்லையே. (திருச்சி)

பாதி சரி. குழாய் தொண்டையைத் தாண்டித்தான் இறங்குகிறது. அங்குள்ளதையும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் ஒரு மில்லியில் எத்தனை கிருமி என்று எண்ணச் சொல்கிறோம். சாதாரண பாக்டீரியாவானால் 10,000-க்கு மேல் இருந்தால் மட்டுமே அதைக் குற்றவாளி என்று கருதுகிறோம். ஏற்கனவே ஆன்டிபயாட்டிக் எடுத்தவரிடம் அந்த எண் குறைந்துவிடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். தட்டையான தொண்டைச் செல்கள் நிறையத் தெரிந்தால் மாதிரியே ஐயத்துக்குரியது. அதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். கேண்டிடா நிமோனியாவை உண்டாக்குவது மிக அரிது. அந்த மருத்துவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

எண்ணிக்கை பார்க்காமல் பொருட்படுத்த வேண்டியவையும் உண்டு. காசநோய்க் கிருமி ஒன்றே ஒன்று வளர்ந்தாலும் அது நோய்தான். மற்றொன்று, நம் பக்கத்துச் சர்க்கரை நோயாளிகளிடம், குறிப்பாக மழைக்காலத்தில் வயல் வேலை செய்தவர்களிடம், வரும் மெலியாய்டோசிஸ் என்ற மண்வழித் தொற்று. இதைப் பல இடங்களில் 'சூடோமோனாஸ் வகை' என்று எழுதி விட்டுவிடுகிறார்கள். ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் பணியாத, ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்குப் பணிகிற ஒரு 'சூடோமோனாஸ்' உங்கள் தட்டில் வந்தால், தயவுசெய்து தொலைபேசியை எடுத்து மருத்துவரிடம் பேசுங்கள். அந்தத் தட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கே தொற்றக்கூடியது.

எம்.டி. இரண்டாம் ஆண்டு மாணவர். பாலில் செல்களின் சதவீதம் பார்த்தே தொற்று அல்லாத காரணத்தை உறுதிசெய்துவிட்டு, பயாப்சியைத் தவிர்க்கலாமா?

சில இடங்களில் தவிர்க்கலாம். ஈஸ்னோஃபில் செல்கள் இருபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால், படமும் வரலாறும் ஒத்துப்போனால், ஈஸ்னோஃபிலிக் நிமோனியா என்று முடிவெடுக்கலாம். அடுத்தடுத்து எடுக்கும் நீர் வெளுக்காமல் மேன்மேலும் சிவந்து வந்தால் காற்றுப்பைகளுக்குள் இரத்தக்கசிவு. அதைப் பார்ப்பதற்குக் கண்ணே போதும், மூன்று குப்பிகளையும் வரிசை மாறாமல் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். குழாய் பட்டுக் கசிந்த இரத்தமானால் மூன்றாவது குப்பி வெளுத்துவரும்.

ஆனால் லிம்போசைட் கூடியிருக்கிறது என்பது திசையைக் காட்டும், முகவரியைச் சொல்லாது. ஆர்கனைசிங் நிமோனியா, ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி, காசநோய், மூன்றிலும் அது கூடலாம். ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் காசநோயை ஒதுக்கியே ஆக வேண்டிய நாட்டில் இருக்கிறோம் என்பதால், நான் பயாப்சியும் எடுக்கவே விரும்புகிறேன். என் துறைத் தோழர் ஒருவர், படம் தெளிவாக இருந்தால், ஜீன்எக்ஸ்பெர்ட் நெகட்டிவ் வந்ததும் ஸ்டீராய்டு தொடங்கி வாரா வாரம் பார்ப்பார். நுரையீரலில் காற்று கசியும் அபாயம் பாலைவிட பயாப்சியில் கூடுதல் என்பது அவருடைய வாதம், அது உண்மையும்கூட. இதில் நாங்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

(திருவண்ணாமலை மருத்துவர் மீண்டும்) ஜீன்எக்ஸ்பெர்ட் சளியில் செய்யவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பிராங்கோஸ்கோபிக்கு அனுப்பும் முன் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட வேண்டுமா?

மூச்சுத்திணறல் இல்லாமல் நடமாடுகிறவராக இருந்தால், இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு எடுப்பதில் எனக்கு உடன்பாடு உண்டு; கல்ச்சர் வளரும் வாய்ப்பு கூடும். ஆக்சிஜனில் இருப்பவருக்கு நிறுத்த மாட்டேன். எந்த நிலையிலும் புதிய மருந்துக்கு மாறப்போகிறீர்கள் என்றால், மாறுவதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிடுங்கள். கோரிக்கைத் தாளில் எந்த மருந்து, எத்தனை நாள் என்று எழுதுவதையும் மறக்காதீர்கள். 'பால், எல்லாப் பரிசோதனையும்' என்று மட்டும் எழுதி வரும் தாள்களைப் பார்த்து ஆய்வகத்தார் பெருமூச்சு விடுவதை நான் கேட்டிருக்கிறேன். பூஞ்சை சந்தேகம் இருந்தால், அதன் செல்சுவர்ப் பொருளைத் தேடும் கலாக்டோமன்னன் பரிசோதனை என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

எனக்குப் பிராங்கோஸ்கோபி செய்த அன்றிரவே 101 டிகிரி காய்ச்சல், மறுநாள் சரியாகிவிட்டது. ரிப்போர்ட்டில் கிருமி வளரவில்லை, புற்றுநோய்ச் செல் இல்லை என்று வந்திருக்கிறது. கவலையை விட்டுவிடலாமா? (கோவை, வயது 52)

அன்றிரவுக் காய்ச்சல் கழுவிய எரிச்சலால் வருவது. பலருக்கும் வரும், ஒரு நாளில் போய்விடும். இரண்டாம் நாளும் நீடித்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோதான் ஓட வேண்டியது.

கவலையைப் பொறுத்தவரை, பாதியை வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்ச் செல் இருந்தால் அது பெரிய விடை. இல்லை என்பது சிறிய விடை. நிமோனியா மாதிரியே படத்தில் பரவி நிற்கும் ஒரு வகை அடினோகார்சினோமா உண்டு, அதன் செல்கள் எல்லாக் கழுவலிலும் உதிர்ந்து வருவதில்லை. உங்கள் நிழல் நுரையீரலின் ஓரத்தில் இருக்கிறதென்றால் குழாய் அதன் அருகே போகாமலே திரும்பியிருக்கக்கூடும். அப்போது சிடி உதவியுடன் வெளியிலிருந்து ஊசி செலுத்தித் திசு எடுப்பதே பொருத்தம். உங்கள் கையில் இருப்பது சில நாள்களில் வரும் சாதாரண கல்ச்சர் ரிப்போர்ட்டாகவே இருக்கும். காசநோய்க் கல்ச்சருக்கு ஆறு வாரம் வரை ஆகும், அது தனித் தாளாக வரும். அந்தத் தாளைக் கேட்டு வாங்க ஆய்வகத்துக்கு இன்னொரு முறை போக வேண்டியிருக்கும். மாதிரி எடுத்த தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.