பல்லேகலையில் ஷிப்ட் தொழிலாளர்களுக்கு வீடு: விளம்பரத்தில் எதை எழுதலாம்?

கேள்வி: பல்லேகலை கைத்தொழில் பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மேல்மாடியை ஓர் அறை, சமையலறை, பாத்ரூமோடு தனியாகப் பிரித்திருக்கிறோம். ஷிப்ட் வேலைக்கு வரும் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்க விருப்பம். “கேட்டுக்கு 5 நிமிடம், 24 மணி நேரப் பாதுகாப்பு” என்று மகன் விளம்பரம் எழுதியிருக்கிறார். ஒரு வருடத்துக்கு எழுதி ஜே.பி. முன்னால் கையொப்பம் வாங்கினால் போதுமா? வாடகை தராவிட்டால் பூட்டை மாற்றலாமா?
— வாசகி, குண்டசாலை

பதில்: அம்மா, முதலில் அந்த 5 நிமிடத்தைப் பார்ப்போம். அது மகனின் மோட்டார் சைக்கிள் கணக்கு என்று நினைக்கிறேன். “காற்றோட்டமான வீடு, அமைதியான சூழல்” என்று எழுதினால் அது வெறும் புகழ்ச்சி, யாரும் வழக்குக்கு வரமாட்டார்கள். தூரமும் நேரமும் அப்படியல்ல, அவை உண்மையா பொய்யா என்று அளந்து பார்க்கக் கூடியவை.

ஒரு பெண் அந்த வரியை நம்பி, மூன்று மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடி வருகிறாள் என்று வையுங்கள். இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் இரவு பத்துக்கு முடிகிறது. கம்பனி பஸ் கண்டி–மஹியங்கனை வீதிச் சந்தியில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ஏற்றத்தில் இருபது நிமிட நடை, பாதி வழிக்கு விளக்கு இல்லை. இரண்டாவது வாரமே வெளியேறுகிறேன், காசைத் தாருங்கள் என்கிறாள். எங்கள் நாட்டில் வாடகை விவகாரங்களுக்குப் பின்னால் நிற்கும் ரோமன்–டச்சுச் சட்டப்படி, பொய்யான ஒரு விபரத்தை நம்பி ஒப்பந்தம் செய்தவர் அதை இரத்துச் செய்து கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம். தெரிந்தே பொய் சொன்னதாக நிரூபித்தால் நட்டஈடும் கேட்கலாம். அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் அவளுடைய போனில் இருக்கும்.

அதனால் ஷிப்ட் மாறும் நேரத்தில், அதிகாலையில் ஒரு தடவையும் இரவு பத்துக்குப் பிறகு ஒரு தடவையும், நீங்களே நடந்து பாருங்கள். மழை நாளில் நடந்தால் இன்னும் நல்லது. பிறகு இப்படி எழுதலாம்: “பேட்டை நுழைவாயிலுக்கு நடந்து 20 நிமிடம்; கம்பனி பஸ் நிற்கும் சந்திக்கு 8 நிமிடம்; சந்தியிலிருந்து பாதி வழிக்குத் தெருவிளக்கு உண்டு.” எண்களை நீங்கள் நடந்த கணக்கின்படி மாற்றிக்கொள்ளுங்கள். விளக்கு இல்லாத பகுதியை மறைக்காதீர்கள். தெருவிளக்கு பிரதேச சபையின் வேலை, அது எரியும் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. உங்கள் வெளிப்படிக்கட்டு விளக்கு எரியும் என்று தாராளமாகச் சொல்லலாம்.

“24 மணி நேரப் பாதுகாப்பு” என்றால் காவலாளி இருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள். இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இருப்பதை எழுதுங்கள்: இரும்புக் கிரில், மேல்மாடிக்குத் தனி வாசல், தனிப் பூட்டு, மேலதிகச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. சாவி விஷயத்தைப் பெண்கள் கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கெமரா இருந்தால் அது கேட்டையும் படிக்கட்டையும் மட்டும் பார்க்கட்டும். துணி காயப்போடும் பக்கமோ அறை ஜன்னலோ அதில் விழக்கூடாது. இன்னொன்று: கிரில் பூட்டு பழுது என்று அவள் சொல்லியும் நீங்கள் திருத்தாமல் விட்டு, அதன் வழியாகத் திருட்டு நடந்தால், கவனயீனம் என்று உங்கள் மேல் வழக்கு வரலாம். பாதுகாப்பு என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இனி ஜே.பி. கையொப்பம். முத்திரை ஒட்டி ஜே.பி. முன்னால் கையெழுத்திட்டால் எல்லாம் சரி என்று மலையகத்தில் பலர் நம்புகிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு வருடக் குத்தகை சட்டத்தில் செல்லாது. நடைமுறையில் அது மாத வாடகையாகத்தான் நிற்கும், ஒரு மாத முன்னறிவித்தலோடு யாரும் முடித்துக்கொள்ளலாம். உங்களுக்கு மாத வாடகையே போதுமென்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வாடகையையும் அட்வான்ஸையும் எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். ஒரு வருடம் உறுதியாக வேண்டுமென்றால் நொத்தாரிசிடம் போங்கள். எத்தனை பேர் தங்கலாம் என்பதையும் அதில் எழுதுங்கள். ஷிப்ட் வீடுகளில் இரண்டு பேருக்குக் கொடுத்த அறையில் நாலு பேர் மாறி மாறித் தூங்குவது சாதாரணம்.

பூட்டை மாற்றக் கூடாது. வாடகை பாக்கி இருந்தாலும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒருவரை வெளியே தள்ள உங்களுக்கு உரிமை இல்லை. அப்படிச் செய்தால், வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் அவள் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் போனால், நீதிமன்றம் அவளை மறுபடி உள்ளே குடியேற்றக் கட்டளையிடலாம். தண்ணீரையும் கரண்டையும் வெட்டி விரட்டப் பார்ப்பதும் வம்புதான். எழுத்தில் முன்னறிவித்தல் கொடுத்து, அதன் பிரதியை வைத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதுதான் வழி.

அப்புறம், அடையாள அட்டையின் போட்டோகொப்பி போதும். அட்டையையே வாங்கி அலுமாரியில் வைக்காதீர்கள், பேட்டைக் கேட்டில் அது அவளுக்கு வேண்டிவரும்.