அப்பத்துக்கு மூடி போடும் நேரம்

கேள்வி: இரும்பு அப்பச்சட்டியில் அப்பம் சுடுகிறேன். மாவைச் சுழற்றியதும் மூடிவிட்டால் நடு மெத்தென்று வருகிறது, ஆனால் ஓரம் நமுத்து வெள்ளையாகவே நிற்கிறது. மூடாமல் விட்டால் ஓரம் மொறுமொறுப்பாகிறது, நடுவில் மேல்மாவு பச்சையாக இருக்கும்போதே அடி தீய்ந்துவிடுகிறது. தீயை எப்படி வைப்பது, மூடியை எப்போது போடுவது?

பதில்: அப்பத்தின் ஓரம் சட்டியின் சூட்டில் காய்ந்து வேகிறது. நடு ஆவியில் வேகிறது. சுழற்றியதும் மூடினால் ஓரத்துக்கும் ஆவிதான் கிடைக்கிறது; மூடாமலே விட்டால் நடுவுக்கு ஆவியே கிடைப்பதில்லை. அதனால் முதலில் கொஞ்ச நேரம் திறந்து, பிறகு மூடி, கடைசியில் மறுபடி சிறிது நேரம் திறந்து என்று மூன்று கட்டமாகச் சுட வேண்டும்.

அதற்கு முன் சட்டி காயும் விதத்தைப் பார்க்க வேண்டும். அப்பச்சட்டி குழிவானது. கேஸ் அடுப்பில் தீ நேராகக் குழியின் அடியில்தான் படும், பக்கச்சுவருக்குச் சூடு மெதுவாகத்தான் ஏறும். சிறிய பர்னரில் வைத்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். பெரிய பர்னரில் வைத்துத் தீயைக் குறைத்து எரியவிடுங்கள். தீ வளையமாக விரிந்து எரிவதால் அடியின் மையத்தை மட்டும் தாக்காமல் பக்கங்களுக்கும் சூடு போகும். இரும்புச்சட்டி என்பதால் மிதமான தீயில் நாலைந்து நிமிடமாவது பொறுமையாகக் காய வேண்டும். அவசரத்துக்குத் தீயைக் கூட்டினால் அடி கொதித்துக்கொண்டிருக்கும், சுவர் வெதுவெதுப்பாகவே இருக்கும். காயும்போது சட்டியின் காதைத் துணியால் பிடித்து, இரண்டு மூன்று தரம் சாய்த்துச் சுவரிலும் தீ படும்படி காட்டுங்கள்.

சட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பலரும் குழிக்குள் தண்ணீர் தெளிக்கிறார்கள். அடி எப்போதும் முந்திக்கொண்டு காய்ந்துவிடும் என்பதால் அது ஏமாற்றும். விரலை நனைத்துச் சுவரின் பாதி உயரத்தில் தெறியுங்கள். துளி ‘சுர்’ரென்று ஓரிரு நொடியில் வற்றினால் மாவு ஊற்றலாம். சத்தமில்லாமல் வழிந்தால் இன்னும் காய வேண்டும். துளி வற்றாமல் முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு மீறிவிட்டது. சட்டியை இறக்கி, ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனமே நல்லது. எண்ணெயில் தொட்ட துணியால் ஒரு தடவு போதும். கூடுதலாகப் பூசினால் மாவு சுவரைப் பிடிக்காமல் சறுக்கிக் குழிக்குள் இறங்கிவிடும்.

இப்போது மாவு. ஒரு குழிக்கரண்டி மாவை நடுவில் ஊற்றி, உடனே இரு காதையும் பிடித்துத் தூக்கி ஒரே சுற்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் சுழற்றினால் ஏற்கெனவே பிடித்த மெல்லிய படலத்தின் மேல் இன்னொரு பூச்சு ஏறிக் கண்களை அடைத்துவிடும். சுவரில் சரியான சூடு இருந்தால் மாவு படும்போது சன்னமாகச் சத்தம் கேட்கும், படலத்தில் ஊசிக்கண் அளவில் குமிழிகள் கிளம்பி அங்கேயே வெடிக்கும். மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் படலத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியேறுவதும், புளிப்பில் உண்டான காற்று விரிவதும் சேர்ந்துதான் அந்தக் கண்கள். படலம் மெல்லியதாக இருந்து சட்டென்று காய்ந்தால் கண் திறந்தபடி நிற்கும். அந்த நேரத்தில் ஆவி சூழ்ந்தால் மாவு இளகி மூடிக்கொள்ளும். உங்கள் ஓரம் வெள்ளையாக நிற்பது இதனால்தான்.

ஆகவே சுழற்றி அடுப்பில் வைத்ததும் மிதமான தீயில் 15 முதல் 20 நொடி திறந்தே விடுங்கள். கடிகாரத்தைவிட ஓரத்தைப் பார்ப்பதே மேல். ஊற்றியபோது இருந்த ஈரப் பளபளப்பு விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மங்கிக்கொண்டே வரும். சுவரின் முக்கால் பங்கு மங்கி, நடுவில் தேங்கிய மாவு மட்டும் ஈரமாக மின்னும்போது மூடியைப் போடுங்கள். மூடிய கையோடு தீயை சிம்முக்குக் கொண்டுவாருங்கள். தீ குறைந்தாலும் இரும்பு வாங்கி வைத்த சூடு நடுவை வேகவைக்கப் போதும், அடியும் தீயாது. ஒன்றரை நிமிடத்தில் திறந்து, விரல் நுனியால் நடுவைத் தொடுங்கள். ஒட்டாமல், அழுத்தினால் மெல்ல எழும்பினால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் 20 நொடி மூடுங்கள்.

மூடியைத் திறக்கும்போது அப்பத்தின் மேலேயே சாய்த்துவிடாதீர்கள். உள்பக்கம் கோத்து நிற்கும் தண்ணீர் வளைவு வழியாக ஓடி, சரியாக மொறுமொறுப்பான ஓரத்தில்தான் சொட்டும். நேராகத் தூக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோய்க் கவிழ்த்து, அடுத்த அப்பத்துக்கு முன் துணியால் துடைத்துவிடுங்கள்.

மூடியிருந்த நேரத்தில் ஓரம் கொஞ்சம் ஈரம் வாங்கியிருக்கும். அதற்குத்தான் மூன்றாம் கட்டம். மூடியை எடுத்தபின் தீயை லேசாகக் கூட்டி, அரை நிமிடம் திறந்தே வையுங்கள். விளிம்பு தேன் நிறத்துக்கு மாறித் தானாகச் சுவரைவிட்டு விலகும். அதுதான் எடுக்கும் பதம். தோசைத்திருப்பியால் சுரண்ட வேண்டியிருந்தால் இன்னும் பத்து நொடி பொறுக்கலாம்.

அடுத்த அப்பம் ஊற்றுமுன் தீயை மிதமாக்கி, கால் நிமிடம் விட்டுச் சுவரில் மறுபடி துளி தெறித்துப் பாருங்கள். முதல் அப்பம் பெரும்பாலும் சட்டிக்குத்தான் போகும், அதை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் மூன்றாவது, நாலாவதில் ஓரம் சுழற்றும் முன்பே கெட்டியாகி நின்றால் சட்டி அதிகமாகக் காய்ந்திருக்கிறது, ஈரத்துணி வைத்தியம்தான்.

இத்தனையும் செய்து ஓரத்தில் கண்ணே வராவிட்டால் அடுப்பைக் குறை சொல்ல முடியாது, மாவைப் பாருங்கள். தோசை மாவைவிட இளக்கமாக, கரண்டியிலிருந்து தடையில்லாமல் வழிய வேண்டும். கெட்டியாக இருந்தால் தேங்காய்ப்பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். கண் வந்து நடு மட்டும் கட்டியாக இருந்தால் புளிப்பு போதவில்லை என்று பொருள், அதை எந்த மூடியாலும் சரிசெய்ய முடியாது. ஓரம் ஒரு நிமிடத்துக்குள் கறுத்தால் மாவில் சர்க்கரை கூடிவிட்டது.

முட்டை அப்பமோ, யாழ்ப்பாணத்துப் பாலப்பமோ செய்வதானால் முட்டையையும் தேங்காய்ப்பாலையும் ஓரம் மங்கிய பிறகே நடுவில் ஊற்றி மூடுங்கள். ஈரம் கூடுவதால் சிம்மில் இன்னும் ஒரு நிமிடம் பிடிக்கும். சுட்டதை ஹாட்பாக்ஸில் அடுக்காமல் கம்பித் தட்டில் தனித்தனியாக வையுங்கள். அடுக்கினால் ஓரம் ஐந்தே நிமிடத்தில் துவண்டுவிடும்.