அடிக்க வேண்டியது எந்த விடையை?

"log₂ x + log₂(x − 6) = 4 என்ற கணக்கில் எனக்கு 8, −2 என இரண்டு விடைகள் வருகின்றன. பயிற்சித்தாளோடு வந்த விடைக்குறிப்பில் 8 மட்டும் இருக்கிறது. சரி, குறை எண்ணை அடித்துவிட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தால், அதே தாளில் log₂(1 − x) + log₂(3 − x) = 3 என்ற கணக்குக்கு −1ஐ வைத்துக்கொண்டு 5ஐ அடித்திருக்கிறார்கள். எதை அடிப்பது, எதை விடுவது? 3·2ˣ = 60 போன்ற கணக்குகளிலும் இப்படி அடிக்க வேண்டுமா?"

விடைக்குறிப்பு இரண்டு இடத்திலும் சரியாகவே இருக்கிறது. x குறை எண்ணா மிகை எண்ணா என்பதற்கும் அடிப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மடக்கைக்குள் இருக்கும் எண் என்ன ஆகிறது என்பதை மட்டும் பாருங்கள். அது பூஜ்ஜியத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். பூஜ்ஜியமாகவோ குறை எண்ணாகவோ போனால் அந்த விடை செல்லாது.

காரணம் எளிது. log₂ 8 = 3 என்று எழுதும்போது, 2ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 8 கிடைக்கும் என்று கேட்டு, 3 என்று பதில் சொல்கிறோம். 2ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் −2 கிடைக்காது. ஆகவே log₂(−2) என்பது பதிலே இல்லாத கேள்வி.

இப்போது உங்கள் முதல் கணக்கு. இரண்டு மடக்கைகளைக் கூட்டினால் உள்ளே இருப்பவை பெருக்கிக்கொள்ளும்:

log₂[x(x − 6)] = 4
x(x − 6) = 2⁴ = 16
x² − 6x − 16 = 0
(x − 8)(x + 2) = 0

இங்கிருந்து 8, −2 வருகின்றன. முதல் வரிக்குத் திரும்பிப் போய் 8ஐப் போட்டால் log₂ 8 + log₂ 2, அதாவது 3 + 1 = 4. பொருந்துகிறது. −2ஐப் போட்டால் log₂(−2) + log₂(−8). இரண்டுமே பதில் இல்லாதவை.

இருபடிச் சமன்பாட்டை நீங்கள் தவறாகத் தீர்க்கவில்லை. அப்படியிருக்க −2 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கூட்டலைப் பெருக்கலாக மாற்றினீர்களே, அந்த ஒரே வரியில்தான் அது உள்ளே நுழைந்தது. −2ஐயும் −8ஐயும் பெருக்கினால் +16 ஆகிவிடுகிறது; log₂ 16 என்பதற்கு 4 என்று ஒழுங்கான பதிலும் இருக்கிறது. தனித்தனியாக வாசலில் தடுக்கப்பட்டிருக்க வேண்டிய இரண்டு குறை எண்கள், கைகோத்துக்கொண்டதும் மிகை எண்ணாக வேடம் போட்டு உள்ளே வந்துவிட்டன. ஜான் நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டது பெருக்கலைக் கூட்டலாக்கி வேலையைக் குறைப்பதற்காக. சமன்பாடு தீர்க்கும்போது நாம் தலைகீழாகக் கூட்டலைப் பெருக்கலாக்குகிறோம். திரும்பி வரும் இந்தப் பாதையில்தான் இந்தத் தொல்லை.

இதற்காகவே, கணக்கைத் தொடங்கும் முன் ஒரு வரி எழுதிவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். x > 0, x − 6 > 0. ஆகவே x > 6. அவ்வளவுதான். பிறகு எத்தனை விடைகள் வந்தாலும் இந்த வரியோடு ஒப்பிட்டால் போதும். 8 தேறும், −2 தேறாது.

இரண்டாவது கணக்கில் அதே வரி 1 − x > 0, 3 − x > 0 என்று வரும். அதாவது x < 1. பெருக்கி விரித்தால் x² − 4x − 5 = 0; விடைகள் 5, −1. 5ஐப் போட்டால் மடக்கைக்குள் −4, −2 என்று நிற்கின்றன, அடியுங்கள். −1ஐப் போட்டால் log₂ 2 + log₂ 4 = 1 + 2 = 3. குறை எண்ணாக இருந்தும் −1தான் விடை. இரண்டு விடைகளும் மிகை எண்களாக வந்து, அவற்றில் ஒன்றை அடிக்க வேண்டிய கணக்கும் உண்டு. log₂(x − 5) + log₂(x − 3) = 3 என்பதைத் தீர்த்துப் பாருங்கள்; 7, 1 என்று வரும். 1 செல்லாது.

"குறை எண் வந்தால் அடித்துவிடு" என்ற சூத்திரத்தை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கடைசி நேரக் குறுக்குவழி என்று நாலு பக்கம் அச்சடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்காட்டாகத் தரும் பத்துக் கணக்குகளும் அந்தச் சூத்திரத்துக்கு வளைந்துகொடுக்கும்படி பொறுக்கியவை. பதினோராவது கணக்கு தேர்வில் வரும். காசு வாங்கியவர் அப்போது உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

அச்சடிப்பவர்கள் மட்டும் குற்றவாளிகள் என்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை நான் விடைத்தாள் திருத்தப் போயிருந்தபோது, உங்கள் இரண்டாவது கணக்கைப் போன்ற ஒன்று வந்திருந்தது. எங்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பில் மிகை எண்ணைச் சரி என்றும் குறை எண்ணைத் தவறு என்றும் போட்டிருந்தார்கள். எடுத்துச் சொன்னேன். "குறிப்பில் உள்ளபடி மதிப்பெண் போடுங்கள்" என்று பதில் வந்தது. திருத்தம் வந்து சேர்வதற்குள் ஒரு கட்டு முழுவதும் போய்விட்டது. சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு அந்தக் கட்டில் என்ன மதிப்பெண் கிடைத்தது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இதனால்தான் "−2 செல்லாது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள் என்கிறேன். "x = −2 எனில் log₂(−2) வருகிறது; அதற்கு மதிப்பு இல்லை" என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். குறிப்பே தவறாக இருந்தாலும் மறுமதிப்பீட்டில் பேசுவதற்கு உங்கள் கையில் ஒரு வரி இருக்கும்.

இனி 3·2ˣ = 60. இங்கே அடிப்பதற்கு ஒன்றுமில்லை. இருபுறமும் மடக்கை எடுக்கிறோம். இருபுறமும் மிகை எண்கள். போலி விடை நுழைய வழியில்லை. இந்தக் கணக்கின் பொறிகள் வேறு. 3ஐயும் 2ஐயும் பெருக்கி 6ˣ = 60 என்று எழுதுவது முதல் பொறி. அடுக்கு 2க்கு மட்டுமே உரியது, 3க்கு அதில் பங்கில்லை. முதலில் 3ஆல் வகுத்துவிடுங்கள்:

2ˣ = 20
x log 2 = log 20
x = log 20 ÷ log 2 = 1.30103 ÷ 0.30103 ≈ 4.3219

கால்குலேட்டரைத் தொடும் முன்பே விடை எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். 2⁴ = 16, 2⁵ = 32. ஆகவே x நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் இருக்க முடியும். உங்களுக்கு 1 என்று வந்தால், log 20 ÷ log 2 என்பதை log(20 ÷ 2) ஆக்கிவிட்டீர்கள் என்று பொருள். 1.82 என்று வந்தால், 20க்குப் பிறகு அடைப்புக்குறியை மூட மறந்து log(20 ÷ log 2) என்று அழுத்தியிருக்கிறீர்கள். இந்த இரண்டு எண்களையும் நான் பார்த்த அளவுக்கு 4.32ஐக்கூடப் பார்த்ததில்லை.

இடையிலேயே எண்களைச் சுருக்காதீர்கள். 1.3 ÷ 0.3 என்று போட்டால் 4.333 வரும், அதை முதல் வரியில் போட்டுப் பார்த்தால் 60க்குப் பதில் 60.5 அளவில் நிற்கும். முழு எண்ணையும் கால்குலேட்டரிலேயே வைத்திருந்து, கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள். log பொத்தானா ln பொத்தானா என்று பலர் குழம்புகிறார்கள். மேலேயும் கீழேயும் ஒரே பொத்தானாக இருந்தால் எதுவானாலும் சரி.

அடுக்குக் கணக்கில் அடிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது x வரும் வரியில் இல்லை. 4ˣ − 3·2ˣ − 10 = 0 என்று கொடுத்தால், 2ˣஐ u என்று வைத்தால் u² − 3u − 10 = 0; ஆகவே u = 5 அல்லது −2. 2ˣ ஒருபோதும் −2 ஆகாது, அந்த இடத்திலேயே அடியுங்கள். மீதியிலிருந்து x = log 5 ÷ log 2 ≈ 2.3219. ஆனால் 2ˣ = 0.3 என்று வந்தால் x ≈ −1.737. அந்தக் குறை எண்ணைப் பார்த்துப் பயந்து அடித்துவிடாதீர்கள். u மிகை எண்ணாக இருக்கிறது, x எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. போலி விடை உள்ளே வருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நல்ல விடை காணாமல் போவதைப் பற்றிப் பேச ஆளில்லை. log₃(x²) = 4 என்ற கணக்கைப் பாருங்கள். அடுக்கில் இருக்கும் 2ஐ முன்னால் இழுக்கலாம் என்ற விதி எல்லோருக்கும் மனப்பாடம். இழுத்தால் 2 log₃ x = 4, log₃ x = 2, x = 9. அழகான ஒற்றை விடை. மாணவர் திருப்தியோடு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். ஆனால் −9ஐ முதல் வரியில் போட்டுப் பாருங்கள். (−9)² = 81, log₃ 81 = 4. அதுவும் விடைதான்!

என்ன நடந்தது? x²க்கு மடக்கை எடுக்க x பூஜ்ஜியமாக இல்லாமல் இருந்தால் போதும். 2ஐ முன்னால் இழுத்ததும் உள்ளே x தனியாக நிற்கிறது. இப்போது x மிகை எண்ணாக இருந்தே தீர வேண்டும். நாமே ஒரு கதவைச் சாத்தி, −9ஐ வெளியே நிறுத்திவிட்டோம். முதல் கணக்கில் பெருக்கியபோது கதவு அகலமானது, இங்கே இழுத்தபோது குறுகியது. அகலமானால் போலி வரும்; சரிபார்த்தால் பிடிபட்டுவிடும். குறுகினால் உண்மையான விடை போய்விடும். போனது எந்தச் சரிபார்ப்பிலும் அகப்படாது, ஏனென்றால் சரிபார்க்க அது கையிலேயே இருக்காது.

ஆகவே மடக்கைக்குள் x², x⁴ போன்ற இரட்டைப்படை அடுக்கைப் பார்த்தால் அதை இழுக்காதீர்கள். மடக்கையை நேராகக் கழற்றுங்கள்: x² = 3⁴ = 81; x = 9 அல்லது −9. இரண்டுக்கும் முதல் வரியில் உள்ளே 81தான் நிற்கிறது. இங்கே எதையும் அடிக்க வேண்டாம்.