கசிவது வயிற்றுப்போக்கு அல்ல

"பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு 5 நாளாக மலம் போகவில்லை. இசப்கோல் கொடுத்தேன். இன்று தண்ணீராகக் கசிகிறது. நிறுத்த மாத்திரை தரலாமா?"

வேண்டாம் சார். இறுகிய மலத்தின் ஓரமாகத் தண்ணீர் மட்டும் வழிகிறது போலிருக்கிறது. இன்றே டாக்டர் பார்க்க வேண்டும். வாந்தியோ வயிறு உப்பலோ இருந்தால் உடனே மருத்துவமனை. இசப்கோல் இனி வேண்டாம், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு அது உள்ளேயே கெட்டிப்படும்.

மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வலிக்கான டிரமடால், இரும்புச்சத்து, கால்சியம் மூன்றுமே மலத்தை இறுக்கும். எங்கள் மாமியாருக்கு டிரமடாலை மாற்றிய பிறகுதான் சரியானது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடைப்பு நீங்கியதும், காலைக் கஞ்சிக்குப் பின் அரை மணிக்குள் தாங்கிப் பிடித்துக் கமோடு நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்துக்குக் கீழே முக்காலி வையுங்கள். உட்கார முடியாவிட்டால் இடப்பக்கமாகச் சாய்த்து முழங்காலை மடக்கிவிடுங்கள். தண்ணீரை நிமிர்த்தி வைத்தே கொடுங்கள், அடிக்கடி அரை டம்ளர். புரையேறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.